எண்ணிக்கையை எண்ணுவது ஆய்வு ஆகாது: நாயுடுபேட்டையின் மெய்யான கூட்டத்தைப் போலியென்று தள்ளும் தணிக்கை பற்றி

சமூக ஊடகத்தைப் பொருளாகக் கொண்ட ஆய்வேடுகளில் ஒரு சடங்கு நிலைபெற்றுவிட்டது. ஓர் இன்ஃப்ளூயன்சரின் பின்தொடர்வோர் உண்மையானவர்களா என்ற கேள்வி எழுந்ததும், லைக்குகளையும் பின்னூட்டங்களையும் கூட்டிப் பின்தொடர்வோர் தொகையால் வகுத்து ஒரு விழுக்காடு காட்டப்படுகிறது. பிறகு ஏதேனும் ஒரு தணிக்கை மென்பொருளில் கணக்கின் பெயரை இட்டு, அது தரும் 'நம்பகப் பார்வையாளர்' விழுக்காடு அட்டவணையில் சேர்க்கப்படுகிறது. இவ்விரு எண்களோடு வினா முடிந்துவிட்டதாகக் கொள்ளப்படுகிறது. முடியவில்லை. இந்த முறை இரு திசையிலும் பிழைபடுகிறது. விலைக்கு வாங்கிய கூட்டத்தை உள்ளே விடுகிறது. சிற்றூரின் மெய்யான கூட்டத்தை வெளியே தள்ளுகிறது. முதற்பிழையைப் பற்றிப் பலரும் பேசுகிறார்கள். இரண்டாவதைப் பற்றிப் பேசுவார் அரிது. அதுவே பெரிய அநீதி.

முதற்பிழையை விளக்க இந்தியாவிலேயே நன்கறியப்பட்ட நிகழ்வு ஒன்று உண்டு. 2019 ஜூலையில் ராப் பாடகர் பாட்ஷாவின் 'பாகல்' காணொளி யூடியூபில் வெளியானது. 24 மணி நேரத்தில் சுமார் 7.5 கோடிப் பார்வைகள் என்று அறிவிக்கப்பட்டது. கொரியக் குழுவான பி.டி.எஸ். அவ்வாண்டு ஏப்ரலில் நிறுவிய உலகச் சாதனையை அது முந்தியது. வழக்கமாக இத்தகைய சாதனையைக் கொண்டாடும் யூடியூப் அப்போது வாய் திறக்கவில்லை. பார்வைகளில் பெரும்பகுதி விளம்பரம் வாயிலாக வந்தது என்பது பின்னர் செய்தியாயிற்று. அதே ஆண்டு செப்டம்பரில் யூடியூப் தன் விதியை மாற்றியது: முதல் 24 மணி நேரச் சாதனைக்கு, நேரடி இணைப்பு, தேடல், பிற தளங்களில் பதிந்த காணொளி, யூடியூபின் சொந்தப் பரிந்துரை ஆகியவற்றால் வந்த பார்வைகளே கணக்கில் கொள்ளப்படும், விளம்பரப் பார்வைகள் சேரா.

இதில் கவனிக்க வேண்டியது, விளம்பரத்தால் வந்த அந்தப் பார்வைகளின் பின்னே எந்திரம் இருந்தே தீர வேண்டும் என்பதில்லை. கண்ணும் கைபேசியும் உடைய மனிதரே அவ்விளம்பரத்தைக் கண்டிருக்கலாம். ஆயினும் அவர்கள் அப்பாடலைத் தேடி வந்தவர்கள் அல்லர். வேறெதையோ பார்க்க வந்தபோது அவர்கள் முன் அது வைக்கப்பட்டது. மறு ஆண்டு, தன் பெயரில் போலிக் கணக்கு இயங்குவதாகப் பாடகி பூமி திரிவேதி அளித்த புகாரின்பேரில் மும்பைக் காவல்துறை போலிப் பின்தொடர்வோர் வணிகத்தை விசாரித்தது. 2020 ஆகஸ்டில் பாட்ஷாவும் விசாரிக்கப்பட்டார். பணம் கொடுத்துப் பார்வைகளைப் பெருக்கியதாகக் காவல்துறை கூறியது; அவர் அதை மறுத்தார். அந்தக் குற்றச்சாட்டின் முடிவு எதுவாயினும், யூடியூபின் விதிமாற்றம் ஒன்றைத் தெளிவாக்கிவிட்டது. 'உண்மையான பார்வையாளர்' என்னும் ஒரே சொல்லுக்குள் மூன்று கேள்விகள் மறைந்துகிடக்கின்றன. அந்தக் கணக்கின் பின்னே ஒரு மனிதர் இருக்கிறாரா? இருந்தால், தாமாக வந்தாரா? வந்தவர் மீண்டும் வருவாரா? தணிக்கை மென்பொருள் முதற்கேள்விக்கு மட்டும் ஓர் ஊகத்தைத் தந்துவிட்டு, மூன்றுக்கும் விடை தந்ததுபோல் காட்டிக்கொள்கிறது.

மும்பையில் கோடிகளில் நிகழ்ந்ததை நாயுடுபேட்டை அளவுக்குச் சுருக்கிப் பார்த்தால் இரண்டாம் பிழை கண்ணுக்குத் தெரியும். சென்னையிலிருந்து நெல்லூர் செல்லும் நெடுஞ்சாலையில், ஸ்வர்ணமுகி ஆற்றை ஒட்டிய ஊர் இது. 2022 ஏப்ரலில் திருப்பதி மாவட்டம் உருவானபோது நெல்லூர் மாவட்டத்திலிருந்து அதற்கு மாறியது. தெலுங்கே ஊர்மொழி, தமிழும் காதுக்குப் பழக்கமானது. இவ்வூர்த் துணிக்கடைக்காரர் ஒருவர் பண்டிகை விளம்பரத்துக்கு இரண்டு இன்ஸ்டாகிராம் கணக்குகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் விளக்கத்துக்காகக் கற்பித்தவை. கணக்கு 'அ'வுக்கு 1,20,000 பின்தொடர்வோர், 'ஆ'வுக்கு 14,000.

'அ'வின் பதிவுகள் ஒவ்வொன்றுக்கும் 2,350 முதல் 2,450 வரை லைக்குகள் விழுகின்றன; பின்னூட்டங்கள் 55 அளவில். வகுத்துப் பார்த்தால் ஈடுபாட்டு விகிதம் ஏறத்தாழ 2 விழுக்காடு. மரியாதைக்குரிய எண், எந்த ஆய்வேட்டிலும் தடையின்றித் தேறிவிடும். 'ஆ'வின் கடைசிப் பத்து ரீல்களின் லைக்குகளை ஏறுவரிசையில் அடுக்கினால்: 90, 110, 130, 150, 160, 180, 210, 400, 1,900, 6,200. இதன் சராசரி 953. ஆகவே லைக்குகளை மட்டும் கொண்டு கணக்கிட்டால் விகிதம் 6.8 விழுக்காடு. ஆனால் இடைநிலை 170. அதைக் கொண்டால் 1.2 விழுக்காடு. ஒரே கணக்கு, ஒரே பத்துப் பதிவுகள், ஐந்து மடங்குக்கு மேல் வேறுபடும் இரண்டு விடைகள். எந்த விடையை எழுதுவது என்று ஆய்வாளர் தயங்கினால், தயக்கத்தின் காரணத்தை அவர் ஆராய்ந்திருக்க வேண்டும். ஏனெனில் அந்தக் கோணல்தான் சான்று.

மனிதக் கவனம் சீராக விழுவதில்லை. ஒன்பது ரீல்களைக் கடந்துபோகிறவர்கள் பத்தாவதை உறவினருக்கெல்லாம் அனுப்புகிறார்கள். காளஹஸ்தி சாலையில் மழைநீர் தேங்கியதைக் காட்டிய ரீல் 6,200 லைக் பெறும். அடுத்த நாள் சட்னி ரீல் 110-இல் நிற்கும். விலைக்கு வாங்கும் லைக்கோ பொட்டலமாக வருகிறது. ஒரு பதிவுக்கு இத்தனை என்று விலைபேசி எடுப்பதால், மழைக்கும் சட்னிக்கும் ஒரே அளவு விழுகிறது. எனவே 'அ'வின் 2 விழுக்காட்டைவிட, அதன் பதிவுகளுக்கிடையே வேறுபாடே இல்லாமையைத்தான் ஆய்வாளர் முதலில் கவனித்திருக்க வேண்டும். சராசரியை மட்டும் அச்சிட்டுப் பரவலை மறைக்கும் அட்டவணை, இருந்த ஒரே சாட்சியையும் நீதிமன்றத்துக்கு வெளியே அனுப்பிவிடுகிறது.

பின்தொடர்வோர் தொகையையும் ஒரு நாளின் எண்ணாகப் பார்ப்பதில் பயனில்லை; அது வளர்ந்த கோட்டைப் பார்க்க வேண்டும். தினமும் ஒரே நேரத்தில் எண்ணைக் குறித்துவைத்தாலே மூன்று மாதத்தில் கோடு கிடைத்துவிடும். மெய்யான ஏற்றத்துக்கு முன்னே ஒரு காரணம் நிற்கும்: ரீல் பரவும், அதன் பார்வைகள் ஏறும், அதற்குப் பின்னே பின்தொடர்வோர் ஏறுவர், சில நாள்களில் ஏற்றம் தளரும். வாங்கிய ஏற்றத்துக்கு முன்னே எதுவும் இராது. பதிவே இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை 5,000 பேர் சேர்வர். பிறகு தளம் போலிகளை நீக்க நீக்க எண் நாள்தோறும் சிறிது சிறிதாகக் கரையும். ஒரு நாள் மீண்டும் பழைய உயரத்துக்கு எழும். இவ்வணிகத்தில் 'ரீஃபில்' என்பது இதுதான்: கரைந்ததைக் குறிப்பிட்ட நாள்வரை விற்றவரே நிரப்பித் தருவார். ஒரேயடியாகக் கொட்டாமல் நாளுக்குச் சில நூறாகச் சொட்டவிடும் 'ட்ரிப் ஃபீட்' முறையும் உண்டு. அதில் படிக்கட்டு தெரியாது. ஆனால் பதிவு போட்ட நாளுக்கும் போடாத நாளுக்கும் வேறுபாடின்றிக் கோடு நேராக ஏறும். கூட்டம் எதற்கும் அசையாமல் வளர்வதும் ஓர் அடையாளமே.

இனி இரண்டாம் பிழை. தணிக்கை மென்பொருளில் இட்டால் 'ஆ'வின் 14,000 பேரில் பெரும்பகுதி 'ஐயத்துக்குரியவர்' என்று வரக்கூடும். இத்தகைய கருவிகள் பார்க்கும் அடையாளங்கள் பெரும்பாலும் இவை: முகப்படம் இல்லை, சொந்தப் பதிவு இல்லை, பெயரின் பின்னே எண்கள், பின்தொடர்வது ஆயிரக்கணக்கில், பின்தொடரப்படுவது சில பேரால். இந்த அடையாளங்களை நாயுடுபேட்டைத் தெருவில் வைத்துப் பார்க்க வேண்டும். முகத்தை இணையத்தில் காட்ட விரும்பாத பெண் சாமி படமோ பூவோ நடிகரின் படமோ வைத்திருப்பார். தம் பெயர் முன்பே எடுக்கப்பட்டுவிட்டதால் தளம் முன்மொழிந்த எண்களோடு பெயரை ஏற்றிருப்பார். அவர் பார்க்க வந்தவர், பதிவிட வந்தவர் அல்லர்; ஆகவே பதிவு சுழியம். மகன் கணக்கைத் தொடங்கிக் கொடுக்கும்போதே கண்ணில் பட்ட நடிகர், கோயில், சமையல் கணக்குகள் ஆயிரத்தைப் பின்தொடரச் செய்திருப்பார். மென்பொருளின் ஒவ்வொரு கட்டத்திலும் இவர் போலி. கடைக்காரருக்கோ நாளை கதவைத் தள்ளிக்கொண்டு வந்து புடவை கேட்கப்போகும் வாடிக்கையாளர் இவரே.

இது வெறும் மனத்தாங்கல் அன்று. ட்விட்டர் கணக்குகளில் எந்திரத்தைக் கண்டறிய ஆய்வாளர்கள் பெரிதும் நம்பிய 'போட்டோமீட்டர்' கருவியை ராவுக்ஃபிளைஷ், கைசர் இருவரும் சோதித்து 2020-இல் 'பிளோஸ் ஒன்' இதழில் வெளியிட்ட கட்டுரை இந்தத் துறையினர் அனைவரும் அறிந்திருக்க வேண்டியது. அக்கருவி மனிதரை எந்திரம் என்றும் எந்திரத்தை மனிதர் என்றும் கணிசமாகத் தவறாக வகைப்படுத்துவதை அவர்கள் காட்டினர். ஆங்கிலமல்லாத ஜெர்மன் மொழியில் இச்சிக்கல் கூடுதலாக இருந்தது. வளம் மிக்க ஐரோப்பிய மொழி ஒன்றுக்கே இந்த நிலை. தெலுங்கைத் தமிழெழுத்திலும் இரண்டையும் ஆங்கில எழுத்திலும் கலந்து எழுதும் எல்லைப்புற ஊருக்கு, எவரும் சரிபார்க்காத ஒரு வணிக மென்பொருளின் விழுக்காட்டை எந்தத் துணிவில் ஆய்வேட்டில் ஒட்டுகிறார்கள்?

பின்னூட்டத்தின் தரம் என்பதிலும் இதே குழப்பம். 'சூப்பர் அண்ணா', 'செம', கூப்பிய கை, நெருப்புக் குறி ஆகியவை நிறைந்திருந்தால் கூட்டம் போலி என்று எழுதப்படுகிறது. இந்த ஊகம் எழுதிப் பழகிய வகுப்பாரின் ஊகம். சொற்களால் பாராட்டிப் பழகாதவர் கூப்பிய கையைத்தான் போடுவார். பொதுச்சொல் போலிக்குச் சான்று ஆகாது. எந்திரமும் அதைப் போடும், அத்தையும் அதைப் போடுவார். ஆனால் தனிச்சொல் உண்மைக்குச் சான்று ஆகும். 'ரேட் எந்தா?' என்று ஒருவர் கேட்பதும், 'அந்தக் கடை இப்போது பஸ் நிலையத்துக்கு எதிரே மாறிவிட்டது' என்று இன்னொருவர் திருத்துவதும், 'நேற்றுப் போனேன், மூடியிருந்தது' என்று மூன்றாமவர் குறைகூறுவதும் பதிவைப் பார்க்காமல் எழுத முடியாதவை. சான்று ஒருபக்கம்தான் பேசும் என்ற இந்த நுட்பம் விடுபட்டால், பின்னூட்ட ஆய்வு முழுவதும் மக்களின் எழுத்து நடைக்கு மதிப்பெண் போடும் வேலையாகிவிடும்.

இதை அளக்க எளிய சோதனை ஒன்று போதும். ஒரு கணக்கின் ஐந்து பதிவுகளை எடுத்து, ஒவ்வொன்றிலிருந்தும் 20 பின்னூட்டங்களைக் குலுக்கல் முறையில் தெரிவு செய்து, நூறையும் கலைத்து, எழுதியவர் பெயரை நீக்கி, ஊர்மொழி அறிந்த இருவரிடம் தனித்தனியே தர வேண்டும். எந்தப் பின்னூட்டம் எந்தப் பதிவுக்கு உரியது என்று அவர்கள் பொருத்த வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு பொருத்தினாலும் சராசரியாக 20 சரியாக அமையும். தற்செயல் ஏற்ற இறக்கத்தின் திட்ட விலக்கம் 4. ஒருவர் 24 சரியாகப் பொருத்தினால் அதில் ஒன்றும் இல்லை. 45 பொருத்தினால் அந்தப் பின்னூட்டங்கள் பதிவுகளோடு கட்டுண்டவை என்று துணிந்து கூறலாம். மீதி 55-இல் பாதிக்கு மேல் கூப்பிய கையாகவே இருந்தாலும் அந்த முடிவு குலையாது. முனைவர் பட்ட மாணவர் ஒருவர் இரண்டு மாலைகளில் செய்து முடிக்கக்கூடிய வேலை இது. செய்யாததற்குக் காரணம் கடினம் அன்று. மென்பொருளில் அது ஒரு பொத்தானாக இல்லை என்பதே.

பொருத்தம் மிகுந்திருந்தாலும் ஒரு பொறி உண்டு. ஒருவர் பதிவுக்கு மற்றவர் பின்னூட்டமிடுவதாக ஒப்பந்தம் செய்துகொண்ட இன்ஃப்ளூயன்சர் குழுக்கள் பெரும்பாலும் டெலிகிராமில் இயங்குகின்றன. இவர்கள் எந்திரமல்லர், பதிவைப் பார்த்து, பதிவைப் பற்றியே எழுதுவார்கள். ஆகவே என்ன எழுதினார்கள் என்பதோடு யார், எப்போது எழுதினார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். மெய்யான கூட்டத்தில் சிலர் அடிக்கடி வருவர், பலர் ஒருமுறை வந்து மறைவர், நள்ளிரவிலும் மூன்று நாள் கழித்தும் ஒரு கேள்வி விழும். ஒப்பந்தக் கூட்டத்தில் அதே நாற்பது பேர் ஒவ்வொரு பதிவிலும் முதல் அரைமணிக்குள் வந்து போய்விடுவர், அதன்பின் அமைதி. அந்த நாற்பது பேரின் சொந்தக் கணக்குகளைத் திறந்தால், அங்கே பின்னூட்டமிடுவோரும் அதே நாற்பது பேராயிருப்பர்.

மூன்றாவது, இடப்பரவல். நாயுடுபேட்டைக் கணக்கைப் பின்தொடர்வோர் நாயுடுபேட்டையில் இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு இயல்பாகத் தோன்றும், தவறானது. கணக்கின் உரிமையாளருக்கு மட்டும் தளம் காட்டும் நகரப் பட்டியலில் ஹைதராபாத் முதலிடம் பெற்றால், 'பார்வையாளர் உள்ளூரார் அல்லர்' என்று முடிவு கட்டப்படுகிறது. ஆந்திரமும் தெலங்கானாவும் இன்றும் ஒரே தொலைத்தொடர்பு வட்டம். நாயுடுபேட்டையில் உட்கார்ந்து கைபேசி இணையத்தைத் திறப்பவரின் முகவரி, அந்த இணைப்பு வெளியேறும் தொலைதூர நகரின் முகவரியாகப் பதியக்கூடும். சிற்றூர் என்பதே வரைபடத்தில் பெருநகருக்குள் கரைந்துவிடுகிறது. இதன்மேல் மனிதர் பெயர்வும் உண்டு. சென்னைக்கும் பெங்களூருக்கும் வேலைக்குப் போனவர்கள் உண்டு. ராயலசீமையிலிருந்து குவைத்துக்குச் சென்று, ஊர்ச்சாலையைக் கைபேசியில் பார்ப்பவர்கள் உண்டு. தொழிற்பேட்டைகளுக்கு வந்து தங்கிய பிற மாநிலத் தொழிலாளர், வாரக்கடைசியில் எங்கே சாப்பிடலாம் என்று பார்ப்பதும் உண்டு. குவைத்தும் ஒடியப் பெயரும் பட்டியலில் இருப்பது கறை ஆகாது. விளக்க முடியாத ஊர் இருப்பதே கறை. சட்னியும் சாலையும் காட்டும் தெலுங்குக் கணக்குக்கு, உறவோ மொழியோ தொழிலோ தொடர்புபடுத்தாத தொலைநாட்டு நகரங்கள் முதல் ஐந்தில் வந்தால், அதற்கு உரிமையாளர் விடை சொல்ல வேண்டும். அந்தப் பட்டியலையும் ஒட்டிய படமாகப் பெறாமல், உரிமையாளர் கண்முன்னே திறந்து காட்டப் பெற வேண்டும். படத்தில் எண்ணை மாற்றுவது ஒரு நிமிட வேலை.

இவ்வளவும் அறிந்தால் விற்பனையாளரும் இவற்றைப் போலச் செய்யமாட்டாரா என்ற மறுப்பு எழும். செய்வார். 2014-இல் டி கிறிஸ்டோஃபாரோ முதலியோர் வெற்று ஃபேஸ்புக் பக்கங்களைப் பொறியாக வைத்து லைக் வாங்கிச் சோதித்தபோதே, சில விற்பனையாளர் ஒரேயடியாகக் கொட்டினர். வேறு சிலர் இயல்பான பயனரைப்போல மெல்ல மெல்ல இட்டனர். ஆனால் எல்லாவற்றையும் ஒருங்கே போலச் செய்வதற்கு விலை உண்டு. எண்ணிக்கையைப் போலச் செய்வது மலிவு. சீரற்ற ஏற்ற இறக்கத்தைப் போலச் செய்வது சற்றுக் கூடுதல். கடை பஸ் நிலையத்துக்கு எதிரே மாறியதை அறிந்த பின்னூட்டத்தைப் போலச் செய்ய ஊரில் ஓர் ஆள் வேண்டும். ஆகவே மூன்று சான்றுகளும் ஒரே கதையைச் சொல்கின்றனவா என்று பார்ப்பதே முறை. ஒன்றை மட்டும் எடுத்து விழுக்காடாக்குவது அன்று.

போலிப் பின்தொடர்வோர் இருப்பதே குற்றத்துக்குச் சான்று என்று எழுதுவோருக்கும் ஒரு சொல். 2014 டிசம்பரில் இன்ஸ்டாகிராம் போலிக் கணக்குகளைக் களைந்தபோது, அத்தளத்தின் சொந்தக் கணக்கே 1.8 கோடிக்கு மேற்பட்ட பின்தொடர்வோரை இழந்தது. அவர்களை இன்ஸ்டாகிராம் காசுகொடுத்து வாங்கியது என்று எவரும் சொல்லமாட்டார்கள். போலிக் கணக்குகள் தம்மை மனிதர்போல் காட்ட, கேளாமலே பிரபலங்களைப் பின்தொடர்கின்றன. 'பின்தொடர்வோரில் இத்தனை போலி' என்பதும் 'இவர் போலிகளை வாங்கினார்' என்பதும் வெவ்வேறு கூற்றுகள். இரண்டாவதைப் பெயர் குறித்து எழுதும் ஆய்வாளர், ஒரு மனிதரின் பிழைப்பின்மேல் கை வைக்கிறார் என்பதை உணர வேண்டும்.

இந்தப் பிழை நூலகத்தோடு நிற்பதும் இல்லை. 2024 ஆகஸ்டில் உத்தரப்பிரதேச அமைச்சரவை ஒப்புதல் தந்த டிஜிட்டல் ஊடகக் கொள்கை, அரசுத் திட்டங்களைப் பரப்பும் கணக்குகளைப் பின்தொடர்வோர் எண்ணிக்கைப்படி வகுத்து, மாதத்துக்கு யூடியூபில் 8 லட்சம் ரூபாய் வரையும் பிற தளங்களில் 5 லட்சம் வரையும் உச்சவரம்பு வைத்தது. எண்ணுக்குப் பொதுப்பணம் என்றால், எண்ணை உற்பத்தி செய்வோருக்கு அரசே சந்தை திறக்கிறது என்பது பொருள். அத்தகைய கொள்கைக்கு எதிராகச் சான்றோடு பேச வேண்டிய இடத்தில் இருப்பவர்கள் ஆய்வாளர்கள். அவர்களே அந்த எண்ணைத் தம் ஆய்வேட்டின் முதல் அட்டவணையாக வைத்திருந்தால், அரசை எந்த வாயால் கேட்பது?

ஆய்வு நெறியாளர்கள் ஒன்றைச் செய்யலாம். 'உண்மையான பார்வையாளர் 63.4 விழுக்காடு' என்று ஒற்றை எண் எழுதிய இயலைத் திருப்பி அனுப்பலாம். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அந்தத் துல்லியம் கிடைக்கவே கிடைக்காது. பின்தொடர்வோர் பட்டியலைத் தளம் காட்டும் வரிசைகூடக் குலுக்கல் வரிசை அன்று, ஆகவே முதல் நூறு பேரைப் பார்த்து மொத்தத்தை ஊகிக்கவும் இயலாது. எழுதக்கூடியது இவ்வளவே: இந்தக் காலத்தில் கோடு இப்படி வளர்ந்தது, பதிவுகளுக்கிடையே வேறுபாடு இவ்வளவு, நூறு பின்னூட்டத்தில் இத்தனை பதிவோடு பொருந்தின, இந்த ஊர்களுக்கு விளக்கம் உண்டு, இவற்றுக்கு இல்லை. இதைப் படிக்கும் துணிக்கடைக்காரர் 14,000 பேருள்ள 'ஆ'வைத் தேர்வார். சாமி படத்தின் பின்னே இருக்கும் பெண், எந்த மென்பொருளின் அனுமதியும் இன்றி, வாடிக்கையாளராக எண்ணப்படுவார்.